தீப்பிடித்த மறுநாள் வந்த மெயில்

திருப்பூரில் என் நண்பர் ஒருவர் இன்சூரன்ஸ் புரோக்கர். ஏஜென்ட் வேறு, புரோக்கர் வேறு என்று முதலில் பழகியபோதே எனக்குப் பாடம் எடுத்தவர். ஏஜென்ட் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆள். புரோக்கர் பாலிசி எடுப்பவர் பக்கத்து ஆள். கமிஷன் கம்பெனியிடமிருந்துதான் வருகிறது என்றாலும், கிளெய்ம் நேரத்தில் அவர் உட்கார வேண்டியது வாடிக்கையாளர் பக்கத்து நாற்காலியில்.

ஒருநாள் ராத்திரி அவருடைய வாடிக்கையாளர் ஒருவரின் பனியன் குடோனில் தீப்பிடித்தது. போனில் பேசி முடித்துவிட்டு, விடியற்காலையில் ஒரு மெயிலும் அனுப்பியிருந்தார். பேசிய பிறகு மெயில் எதற்கு என்று கேட்டேன். "அந்த ராத்திரி சொன்னதில் ஒன்றுகூட மறுநாள் அவர் ஞாபகத்தில் இருக்காது. எழுத்தில் இருந்தால் அவர் படிக்காவிட்டாலும் மகனோ சூப்பர்வைசரோ படித்துச் செய்வார்கள்" என்றார். பெயர்களையும் எண்களையும் நீக்கி எனக்குக் காட்டினார்.

"அண்ணா, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஒவ்வொரு மெஷினாக நீங்கள் சேர்த்த இடம் அது. கூடவே இருந்து பார்த்தவன் நான்.

இன்றைக்கு மூன்று வேலைதான். எரிந்ததை யாரும் அள்ள வேண்டாம், வேஸ்ட் வியாபாரி வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். எரியாமல் நனைந்த பண்டல்களை, இருக்கிற இடத்திலேயே போட்டோ எடுத்துவிட்டு, தனியாக வைத்து உலர்த்த ஆள் போடுங்கள். எலெக்ட்ரீசியன் பார்க்காமல் கரண்ட் போட வேண்டாம்.

கம்பெனிக்குத் தகவல் கொடுத்துவிட்டேன், கிளெய்ம் நம்பர் கீழே இருக்கிறது. சர்வேயர் வரும்போது நானும் கூட இருப்பேன். எவ்வளவு கிடைக்கும் என்று இப்போது சொல்ல மாட்டேன், சொன்னால் அது ஊகம்தான். ஸ்டாக் தொகை பற்றி நேரில் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நாளை சாயந்திரம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறேன். பேப்பர் எதுவும் எடுத்து வைக்க வேண்டாம்."

இவ்வளவுதான். "தங்கள் தகவல் கிடைக்கப்பெற்றோம், கீழ்க்கண்ட பதினான்கு ஆவணங்களை உடனே அனுப்பவும்" என்று தொடங்கும் மெயில்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றிலும் மேலே ஒரு வரி ஆழ்ந்த அனுதாபம் இருக்கும், வெள்ளத்துக்கும் தீக்கும் திருட்டுக்கும் ஒரே வரி.

அந்த மூன்று வேலைகளையும் சும்மா பொறுக்கி எடுக்கவில்லை. இழப்பை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி நியமிக்கும் சர்வேயர், கண்ணால் பார்த்ததையும் கணக்குப் புத்தகத்தில் உள்ளதையும் ஒப்பிட்டுத்தான் அறிக்கை எழுதுவார். கரிக்கட்டையானாலும் எத்தனை பண்டல், எந்த மூலையில் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. சுத்தம் செய்கிறேன் என்று அள்ளிக் கொட்டிவிட்டால் அவருக்கு எண்ண ஒன்றும் மிஞ்சாது. இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. மிஞ்சிய சரக்கை மேலும் கெடாமல் காப்பது பாலிசிதாரரின் கடமை. தீயணைப்பு வண்டி அடித்த தண்ணீரில் ஊறிய பருத்தித் துணி, கட்டிய கட்டிலேயே கிடந்தால் சில நாளில் பூஞ்சை பிடித்துவிடும். பிறகு செகண்ட்ஸ் விலைக்குக்கூடப் போகாது. எரிந்ததைத் தொடாதே, நனைந்ததை எடு: இடிந்து உட்கார்ந்திருப்பவருக்கு இது தானாகத் தோன்றாது. அதனால்தான் இது முதல் நாள் மெயிலில் வருகிறது, பில்களும் ஜிஎஸ்டி கணக்கும் தீயணைப்புத் துறை சான்றிதழும் அடுத்த மெயிலுக்குப் போகின்றன.

தீ எப்படிப் பிடித்தது என்பது பற்றி மெயிலில் ஒரு சொல்லும் இல்லை. ஷார்ட் சர்க்யூட்டாக இருக்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். புரோக்கர் அதை எழுதினால், அந்த மெயில் கைமாறிக் கைமாறி ஃபைலுக்குள் போய் ஒரு வாக்குமூலம் மாதிரி ஆகிவிடும். காரணம் சொல்ல வேண்டியது விசாரித்தவர்கள்.

நேரில் பேச வேண்டிய விஷயம் என்று எழுதியிருந்தாரே, எனக்கு அந்த வரியில்தான் கண் போனது. அவர் சொன்ன கணக்கை முழு எண்களாக்கித் தருகிறேன். தீப்பிடித்த அன்று குடோனில் இருந்த சரக்கின் மதிப்பு 2 கோடி. பாலிசியில் ஸ்டாக்குக்குப் போட்டிருந்த தொகை 1 கோடியே 60 லட்சம். மிஞ்சியதன் விலையைக் கழித்தபின் இழப்பு 80 லட்சம். பாலிசித் தொகைக்குள்தானே இருக்கிறது, முழு 80 லட்சமும் வரும் என்றுதான் யாரும் நினைப்போம். வராது. 2 கோடிச் சரக்கில் 1.60 கோடிக்கு மட்டும் பிரீமியம் கட்டியதால், ஐந்தில் ஒரு பங்கு இழப்பை உரிமையாளரே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. எனவே 64 லட்சம். அதிலும் பாலிசிதாரர் தன் பங்காக ஏற்க வேண்டிய ஒரு சிறு தொகை கழியும்.

ஓரிடத்தில் மொத்தம் 5 கோடிக்குள் சொத்து வைத்திருக்கும் சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில் ஒரு சலுகை உண்டு. குறைத்துப் போட்ட தொகை 15 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த வெட்டு கிடையாது. அவருடைய பாலிசியும் அதுதான். ஆனால் குறைவு 20 சதவீதம். 1 கோடியே 70 லட்சம் என்று போட்டிருந்தால் தப்பித்திருப்பார். கூடுதலாக ஒரு 10 லட்சத்துக்குப் பிரீமியம் கட்டாததால் 16 லட்சம் போகிறது.

பாலிசியைப் புதுப்பிக்கும்போதே, ஆர்டர் கூடிவிட்டது, ஸ்டாக் தொகையை ஏற்றிப் போடுங்கள் என்று நண்பர் மெயில் அனுப்பியிருந்தார். 'போன வருசத்துது போதும்' என்று பதிலும் வந்திருந்தது. அந்த இரண்டையும் இந்த மெயிலோடு இணைத்திருந்தால், பின்னால் தன் மேல் பழி வராமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். இணைக்கலாமா என்று கை வைத்துப் பார்த்ததாகச் சொன்னார். நானாக இருந்தால் இணைத்திருப்பேனோ என்னவோ. "ஃபைலில் இருக்கிறது, தேவைப்பட்டால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். சாம்பல் சூடு ஆறுவதற்குள் 'அப்பவே சொன்னேன்' என்று எழுதக் கூடாது" என்றார். அதற்காக மறைக்கவும் இல்லை. 'எல்லாம் முழுசா வந்துடும், கவலைப்படாதீங்க' என்று அன்று எழுதியிருந்தால், அதை நம்பி அவர் நூல் கடைக்காரருக்குத் தேதி சொல்லியிருப்பார். பிறகு 64 என்று தெரியும்போது தீ இரண்டாம் முறை பிடித்த மாதிரி இருந்திருக்கும். பேங்க் கடன் இருப்பதால் பணம் முதலில் பேங்குக்குத்தான் போகும் என்பதையும் அதே சாயந்திரம் சொல்ல வேண்டியிருந்தது.

ஆறு மணிக்குப் போனவர் குடோன் வழியாகத்தான் போனாராம். ஷட்டரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மெயிலின் இரண்டாவது பத்தியை மட்டும் மகன் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்கிறார். பக்கத்து ஷெட்டில் கயிறு கட்டி, நனைந்த பனியன்களை வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். வேஸ்ட் வியாபாரி காலையிலிருந்து இரண்டு தடவை வந்து போனதாக வாட்ச்மேன் சொன்னார்.