சம்பவ அறிக்கையில் பத்தி எண்

அறிவியல் கூடத்தில் அமிலம் சிந்தி மாணவர் ஒருவர் காயமடைந்தார் என வைத்துக்கொள்வோம். அறிக்கை ஆறு பக்கம். கூட்டத்தில் ஒருவர், "மூணாவது பக்கத்துல, நடுவுல ஒரு இடத்துல..." என்று தேடத் தொடங்கினால் நேரம் போய்விடும். இன்னொருவர் பிரதியில் அது நான்காம் பக்கமாகவும் இருக்கலாம். எனவே பத்திக்குத்தான் எண் வேண்டும்.

உட்தலைப்பு மாறினாலும் எண் இறுதிவரை தொடரட்டும். ஒரு பத்தியில் ஒரே செய்தி. "காலை 10.20-க்குப் புட்டி விழுந்தது, ஆசிரியர் அப்போது அறையில் இல்லை" என ஒரே எண்ணில் எழுதினால், முதல் பாதியை ஏற்று மறுபாதியை மறுப்பவர் எந்த எண்ணைச் சொல்வார்? அதை 7, 8 எனப் பிரியுங்கள். பிறகு 15-ஆம் பத்தியில் "பத்தி 8-இல் கூறியபடி" என்றால் போதும். "மேலே கூறியபடி" என்றால், எந்த மேலே?

சிக்கல், அறிக்கையைச் சுற்றுக்கு விட்ட பிறகுதான் வரும். ஆய்வக உதவியாளரின் வாக்குமூலத்தை 7-க்கு அடுத்துச் சேர்த்தால் பழைய 8-ஆம் பத்தி 9 ஆகிவிடும். 16 ஆகிவிட்ட பழைய 15-ஆம் பத்தி இன்னும் 8 என்றே சொல்லும். பாதிப்பேர் கையில் பழைய பிரதி வேறு! அதனால் புதிய பத்திக்கு 7அ என எண் கொடுங்கள். ஒன்றை எடுத்துவிட்டால் "8. நீக்கப்பட்டது" என எண்ணை விட்டுவையுங்கள்.

சுற்றுக்கு விடுமுன் திருத்துவது எளிது. வேர்டில் பத்திகளுக்குத் தானியங்கி எண்ணிட்டு, சுட்டும் இடங்களில் Cross-reference வழியாக எண்ணைச் சேர்த்திருந்தால், Ctrl+A, பிறகு F9 அழுத்தினால் அவை புதுப்பிக்கப்படும். கையால் தட்டிய எண் மட்டும் மாறாது; அதை ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் வேண்டும்.