கோப்பையை உயர்த்தும் முன்...

கோவாவிலும் மும்பையின் பாந்த்ராவிலும் நடக்கும் கத்தோலிக்கத் திருமண வரவேற்புகளில், கேக் வெட்டியதும் ஒருவர் மைக் முன் வருவது வழக்கம். மணமக்களைப் பற்றி ஆங்கிலத்தில் சில வார்த்தைகள் பேசி, எல்லோரையும் கோப்பையை உயர்த்தச் சொல்வார். இதற்கு டோஸ்ட் என்று பெயர். அலுவலக நண்பர் என்ற முறையில் சில சமயம் இந்தப் பொறுப்பு தமிழர் ஒருவரின் தலையில் விழுகிறது. பேச்சை முன்கூட்டியே எழுதிவிடலாம். ஆனால் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது நுழையும் பிழைகள் எழுதியவர் கண்ணில் எளிதில் படுவதில்லை.

மணமக்கள் பீட்டர், மரியா என்று வைத்துக்கொள்வோம். எழுதியது இது: "பீட்டர் இஸ் ஒன் ஆஃப் மை க்ளோஸ் ஃப்ரெண்ட். ஐ நோ ஹிம் சின்ஸ் டென் இயர்ஸ். டுடே ஹி இஸ் மேரிட் வித் மரியா. ஐ விஷ் தே வில் பி ஹேப்பி." நான்கு வாக்கியங்கள், நான்கிலும் பிழை.

முதல் பிழையைத் தமிழே திருத்திவிடும். 'நண்பர்களில் ஒருவன்' என்றுதானே சொல்கிறோம்? அதே பன்மை அங்கும் வேண்டும்: ஃப்ரெண்ட்ஸ்.

இரண்டாவதில் தமிழே காலை வாருகிறது. 'பத்து வருஷமாகத் தெரியும்' என்பதை அப்படியே பெயர்த்தால் 'ஐ நோ' என்றுதான் வரும். முன்பு தொடங்கி இன்றும் நீடிப்பதற்கு ஆங்கிலத்தில் 'ஐ ஹாவ் நோன்' வேண்டும். 'சின்ஸ்' தொடங்கிய நேரத்தைச் சொல்வது. 'சின்ஸ் 2014' சரி. கால அளவுக்கு 'ஃபார் டென் இயர்ஸ்'.

மூன்றாவது, 'மரியாவோடு கல்யாணம்' என்பதன் நிழல். கணவன், மனைவி பெயருக்கு முன் 'மேரிட் டு' என்றே வரும். 'மேரிட் வித் டூ சில்ட்ரன்' என்றால் திருமணமாகி இரண்டு குழந்தைகள் இருப்பதாகப் பொருள்.

நான்காவதுதான் ஆபத்தானது. 'விஷ்' என்ற சொல்லுக்குப் பின் 'வில்' பொருந்தாது. அதைச் சரிசெய்வதாக நினைத்து 'ஐ விஷ் தே வேர் ஹேப்பி' என்று மாற்றினால் இலக்கணம் சரியாகிவிடும், பொருள் கவிழ்ந்துவிடும். 'இவர்கள் சந்தோஷமாக இல்லையே' என்ற ஏக்கம் அது. மண மேடையில் அதைச் சொன்னால் எப்படி இருக்கும்? 'ஐ ஹோப் தே வில் பி ஹேப்பி' எனலாம். 'ஐ விஷ் தெம் எவ்ரி ஹேப்பினஸ்' இன்னும் பொருத்தம்.

திருத்தியபின் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது நல்லது. நாக்கு தடுக்கும் வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருந்தாலும் இரண்டாக வெட்டிவிடலாம். கடைசி வரியில் வினைச்சொல்கூட வேண்டாம், பெயர்கள் போதும்: "டு பீட்டர் அண்ட் மரியா!" கோப்பைகள் உயர வேண்டிய இடம் அதுதான் என்று கூட்டத்துக்குத் தெரியும்.