மற்றவை மாறாதிருந்தால்…

2020ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் இந்திய ரிசர்வ் வங்கி தனது ரெப்போ விகிதத்தை 5.15 சதவீதத்திலிருந்து 4.40 சதவீதமாகக் குறைத்தது. அடுத்து மே 22ஆம் நாள் அதனை 4 சதவீதமாக்கியது. வணிக வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலக் கடன் பெறும்போது செலுத்தும் வட்டியே ரெப்போ விகிதம். அது குறையும்போது, நாம் வங்கியில் பெறும் கடனுக்கான வட்டியும் பெரும்பாலும் குறையும். வட்டி குறைந்தால் கடன் பெறுவோர் பெருகுவர் என்பது பொருளியலின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. ஆயினும், 2020-21 நிதியாண்டில் நாட்டின் வங்கிக் கடன் 6 சதவீதத்துக்கும் குறைவாகவே வளர்ந்தது.

பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.50 சதவீதமாக உயர்ந்தது. வட்டி ஏறிய அதே 2022-23 நிதியாண்டில் வங்கிக் கடன் 15 சதவீத அளவுக்கு வளர்ந்தது. வட்டி குறைந்தபோது மந்தமாக இருந்த கடன், வட்டி உயர்ந்தபோது விரைந்து வளர்ந்திருக்கிறது. அப்படியானால் அந்தப் பாடம் பொய்யா?

பொய்யன்று. அந்தப் பாடத்தின் முற்பகுதியை நாம் சொல்லாமல் விட்டுவிட்டோம். ‘மற்றவை மாறாதிருந்தால், வட்டி குறையும்போது கடன் பெறுவது கூடும்’ என்பதே அதன் முழு வடிவம். இந்த முற்பகுதியைப் பொருளியலாளர் ‘செட்டரிஸ் பாரிபஸ்’ என்னும் இலத்தீன் தொடரால் குறிப்பர். ‘ஏனையவை அப்படியே இருக்க’ என்பது அதன் பொருள்.

கொண்டித்தொழுவில் அடைபட்ட காரணங்கள்

இத்தொடரைப் பொருளியலில் நிலைபெறச் செய்தவருள் முதன்மையானவர் இங்கிலாந்தின் ஆல்பிரட் மார்ஷல். 1890இல் வெளிவந்த ‘பொருளியல் கோட்பாடுகள்’ என்னும் நூலில் அவர் ஓர் உவமையைக் கையாண்டார். நம் ஊர்களில் பயிரை மேயும் மாடுகளைப் பிடித்து அடைத்துவைக்கும் கொண்டித்தொழு போன்றதே அவர் காட்டும் இடம். ஆய்வுக்கு இடையூறாகத் திரியும் காரணங்களை அங்கே தற்காலிகமாக அடைத்துவிட்டு, ஒன்றை மட்டும் வெளியே விட்டு அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பின்னர் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட வேண்டும்.

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. அடைபட்ட மாடுகள் இல்லாமற் போய்விடவில்லை. மற்றவை மாறா என்று பொருளியலாளர் நம்புவதும் இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் மாறும் உலகில், எந்த மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்தறிய வேறு வழியில்லை என்பதாலேயே மற்றவற்றைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கின்றனர். வேதியியலார் ஆய்வுக்கூடத்தில் வெப்பத்தை மாறாமல் வைத்து அழுத்தத்தை மட்டும் கூட்ட முடியும். ஒரு நாட்டின் வருமானத்தையும் விலைவாசியையும் அவ்வாறு பூட்டிவைக்க எவராலும் இயலாது. எனவே பொருளியலாளர் அதனை முதலில் மனத்துக்குள்ளும் தாளிலும் செய்கின்றனர்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

நாமும் தாளில் அதனைச் செய்து பார்க்கலாம். வீட்டுக்கடன் பெற விரும்பும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். மாத வருமானம் ரூ.65,000. அதில் 40 சதவீதத்தை, அதாவது ரூ.26,000ஐ, மாதத் தவணையாகச் செலுத்த இயலும். கடன் காலம் 20 ஆண்டுகள். வட்டி ஆண்டுக்கு 8.5 சதவீதம் என்றால் ஒவ்வொரு லட்சம் ரூபாய்க் கடனுக்கும் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.868 ஆகும். ஆகவே இக்குடும்பம் ஏறக்குறைய 30 லட்சம் ரூபாய் கடன் பெறலாம்.

இப்போது வட்டியை மட்டும் மாற்றுவோம். அது 7 சதவீதமாகக் குறைகிறது. வருமானமும் காலமும் தொழுவில் இருக்கின்றன. ஒரு லட்சத்துக்கான தவணை ரூ.775 அளவுக்கு இறங்குகிறது. அதே ரூ.26,000 தவணைக்கு இப்போது ஏறத்தாழ 33.5 லட்சம் கிடைக்கும். வட்டிக் குறைப்பு கடன் பெறும் திறனை 3.5 லட்சம் உயர்த்தியிருக்கிறது. பாடம் சொல்வது இதைத்தான்.

அடுத்து, வட்டியை மீண்டும் 8.5 சதவீதத்தில் நிறுத்தி, வருமானத்தை மட்டும் மாற்றுவோம். தொழில் முடக்கத்தால் வருமானம் ரூ.45,000 ஆகிவிடுகிறது. செலுத்தக்கூடிய தவணை ரூ.18,000. பெறக்கூடிய கடன் 20.7 லட்சம்தான். வருமானம் மட்டும் குறைந்ததால் வந்த இழப்பு 9 லட்சத்துக்கு மேல்.

இனி இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிடுவோம். வட்டி 7 சதவீதம், வருமானம் ரூ.45,000 என்றால் கிடைக்கும் கடன் 23.2 லட்சம். வெளியிலிருந்து காண்பவர் கண்ணுக்குத் தெரிவது என்ன? வட்டி குறைந்தது, கடனும் 30 லட்சத்திலிருந்து 23.2 லட்சமாகக் குறைந்தது. வட்டிக் குறைப்பால் பயனில்லை என்றோ, வட்டி குறைந்ததால்தான் கடன் குறைந்தது என்றோ அவர் முடிவு செய்யக்கூடும். ஆனால் ஒவ்வொன்றாகப் பார்த்த நமக்கு உண்மை தெரியும். வட்டி குறையாதிருந்தால் இக்குடும்பம் 20.7 லட்சத்தோடு நின்றிருக்கும். வட்டிக் குறைப்பு கடனை 2.5 லட்சம் உயர்த்தியே இருக்கிறது. வருமான வீழ்ச்சி அதனினும் வலுவாக இருந்ததால் அந்த உயர்வு கண்ணுக்குத் தெரியவில்லை.

விடை கிடைத்த புதிர்

முதலில் கண்ட புதிரின் விடையும் இதுவே. 2020இல் வட்டி குறைந்தபோது கொரோனா முடக்கத்தால் மற்றவை எதுவும் மாறாதிருக்கவில்லை. வருமானங்கள் சுருங்கின, கட்டுமானப் பணிகள் நின்றன, நிறுவனங்கள் புதிய திட்டங்களைத் தள்ளிவைத்தன. 2022இல் தொழில்கள் மீண்டெழுந்தன. மூலப்பொருள் விலை உயர்ந்ததால், அதே அளவு சரக்கை வாங்கவும் வணிகர்களுக்குக் கூடுதல் நடைமுறை மூலதனம் தேவைப்பட்டது. வட்டி உயர்வு கடனைக் கீழே இழுத்தது. மற்றக் காரணங்கள் அதைவிட வலுவாக மேலே தள்ளின.

இன்னொரு நுட்பமும் இங்கே உண்டு. 2022 ஏப்ரலில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதத்தைத் தொட்டது. விலைவாசி ஏறியதாலேயே ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தியது. அதே விலையேற்றம் கடன் தேவையையும் பெருக்கியது. வட்டியும் கடனும் சேர்ந்து உயர்ந்தமைக்கு இரண்டுக்கும் பின்னால் இருந்த பொதுவான காரணமும் ஒரு பங்கு வகித்தது. குடை விற்பனையும் தவளைச் சத்தமும் ஒரே மாதத்தில் பெருகும். குடைகள் தவளைகளைக் கூவச் செய்வதில்லை, இரண்டையும் கொணர்வது மழை. ஆகவே இரண்டு அளவுகள் ஒன்றாக நகர்வதைக் காணும்போது, அவை இரண்டையும் நகர்த்திய மூன்றாவது ஒன்று உண்டா என்று பார்ப்பது தேவையாகிறது.

இம்முறையின் எல்லைகள்

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் முறைக்கு எல்லைகளும் உண்டு. மேற்கண்ட கணக்கிலேயே ஒன்று வெளிப்படுகிறது. அதே வட்டிக் குறைப்பு, வருமானம் ரூ.65,000 ஆக இருந்தபோது 3.5 லட்சம் கூட்டியது. வருமானம் ரூ.45,000 ஆனபோது 2.5 லட்சம் மட்டுமே கூட்டியது. ஒரு காரணத்தின் வலிமை, நாம் பூட்டிவைத்த பிற காரணங்கள் எந்த நிலையில் பூட்டப்பட்டன என்பதைப் பொறுத்தது. ஆகவே ஓராண்டின் கணக்கை வேறோர் ஆண்டுக்கு அப்படியே எடுத்துச் செல்ல இயலாது.

இரண்டாவது எல்லை காலம். வட்டி குறைந்து பலரும் வீடு வாங்க முற்பட்டால், நாளடைவில் வீட்டு விலை ஏறும். கூடுதலாகக் கிடைத்த 3.5 லட்சத்தில் ஒரு பகுதியை அந்த விலையேற்றமே விழுங்கிவிடும். ஓரிரு மாதங்களுக்கு ‘வீட்டு விலை மாறாது’ என்று கொள்வதில் பெரிய பிழையில்லை. ஐந்தாண்டுகளுக்கு அவ்வாறு கொள்வது பிழை. நாம் வெளியே விட்ட காரணமே தொழுவின் கதவைத் திறந்து மற்றொன்றை அழைத்து வந்துவிடுகிறது.

மூன்றாவது, இத்தொடரைச் சாக்காகப் பயன்படுத்தும் பழக்கம். கணிப்பு தவறியபின் ‘மற்றவை மாறிவிட்டன’ என்று எவரும் சொல்லலாம். எந்தக் காரணங்கள் மாறாதிருக்கும் எனத் தாம் கொள்கிறார், அவை மாறினால் முடிவு எத்திசையில் திரும்பும் என்பதை முன்கூட்டியே கூறுபவரின் கணிப்பையே நாம் சோதித்துப் பார்க்க முடியும்.

தங்கள் கடனில் மாறாதிருப்பது எது?

இந்த வினா ஒவ்வொரு வீட்டுக்கடன்தாரரையும் நேரே தொடுகிறது. மாறும் வட்டியில், 7 சதவீதத்துக்கு, 20 ஆண்டுக் காலத்துக்கு 30 லட்சம் கடன் பெற்றவர் மாதந்தோறும் ரூ.23,259 செலுத்துவார். தொடக்கத்திலேயே வட்டி 8.5 சதவீதமாக உயர்கிறது என்று கொள்வோம். அவருக்கு என்ன நேரும்? எதை மாறாமல் வைக்கிறோம் என்று சொல்லாதவரை இதற்கு விடையில்லை.

காலத்தை மாறாமல் வைத்தால் தவணை ரூ.26,035 ஆகும். 20 ஆண்டுகளில் செலுத்தும் மொத்தத் தொகை ஏறத்தாழ 62.5 லட்சம். தவணையை மாறாமல் வைத்தால் காலம் நீளும். 240 மாதங்கள் ஏறக்குறைய 347 மாதங்களாகும், அதாவது 29 ஆண்டுகள். செலுத்தும் மொத்தத் தொகை 80 லட்சத்தைத் தாண்டும். வட்டி உயர்வு ஒன்றுதான். பூட்டிய கதவு வேறு என்பதால் சுமை 18 லட்சம் வேறுபடுகிறது. தவணை மாறவில்லை என்பதால் ஒன்றும் மாறவில்லை என்று எண்ணியிருப்போர், காலம் நீண்டிருப்பதைக் கடன் கணக்கு விவர அறிக்கையில்தான் காண்பர்.

இத்தகைய கடன்களில் வட்டி மாற்றியமைக்கப்படும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா என்னும் தெரிவைக் கடன்தாரருக்கு அளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. வட்டி மாற்றம் பற்றிய கடிதம் வரும்போது புதிய வட்டி விகிதத்தோடு இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்: மாதத் தவணை எவ்வளவு, மீதமுள்ள மாதங்கள் எத்தனை. இவற்றுள் எது அப்படியே இருக்கிறதோ, மாற்றத்தின் முழுச் சுமையும் மற்றொன்றின் மீது ஏறியிருக்கும்.