ஜன்னல் திறக்காமலே ஒரு கோப்புறை பிடிஎஃப்

ஒரு பள்ளி ஆசிரியரிடம் ஓர் ஆண்டுக்கான பாடங்கள் பவர்பாயின்ட் கோப்புகளாக இருக்கின்றன என்று வையுங்கள். மாணவர்களுக்குச் செல்பேசியில் அனுப்ப எல்லாமே பிடிஎஃப் ஆக வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து, ஏற்றுமதி செய்து, மூடினால் ஒரு மாலைப் பொழுது போய்விடும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ், ஜன்னலே திறக்காமல் பின்னணியில் இந்த வேலையை முடித்துவிடும். இதைத்தான் ஹெட்லெஸ் முறை என்கிறார்கள். லினக்ஸில் கோப்புகள் உள்ள கோப்புறைக்குப் போய் இதைத் தட்டினால் போதும்:

```
soffice --headless --convert-to pdf --outdir pdf *.pptx
```

எல்லா பிடிஎஃப்களும் `pdf` என்ற துணைக் கோப்புறையில் போய் விழும். மூலக் கோப்புகள் அப்படியே இருக்கும். விண்டோஸின் கட்டளைத் திரை `*.pptx` என்பதைத் தானாகக் கோப்புப் பெயர்களாக விரித்துத் தராது. அங்கே `for` கட்டளையைச் சேர்த்து ஒவ்வொரு கோப்பாகக் கொடுக்க வேண்டும்.

புதியவர்களை அதிகம் குழப்புவது ஒன்று உண்டு. கட்டளை ஓடியது மாதிரி இருக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது, கோப்புறையோ காலியாகக் கிடக்கும். லிப்ரே ஆபீஸ் வேறொரு ஜன்னலில் ஏற்கெனவே திறந்திருப்பதே பெரும்பாலும் காரணம். இரண்டும் ஒரே பயனர் அமைப்புகளைப் பகிர்வதால் புதிய வேலை தனியாக நடப்பதில்லை. ஜன்னலை மூடிவிட்டு மறுபடி ஓட்டலாம். மூட முடியாதென்றால், கட்டளையில் `soffice` என்பதை அடுத்து `-env:UserInstallation=file:///tmp/lo` என்று சேர்த்து அதற்கெனத் தனி அமைப்பு கொடுக்கலாம். இன்னொன்று: `padam1.ppt`, `padam1.pptx` என இரண்டும் ஒரே கோப்புறையில் இருந்து, இரண்டு வகையையும் மாற்றினால், பின்னால் வருவது முன்னதன் பிடிஎஃப்பை அழித்துவிடும்.

தமிழ்க் கோப்புகளில் உண்மையான தலைவலி எழுத்துருதான். விண்டோஸில் லதா எழுத்துருவில் செய்த பாடத்தை லினக்ஸில் மாற்றினால், லதா அங்கே இருக்காது. வேறொரு தமிழ் எழுத்துரு அதன் இடத்தில் உட்காரும். எழுத்தின் அகலம் மாறுவதால் வரிகள் மடிந்து, கடைசி வரி பெட்டிக்கு வெளியே தொங்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதென்றால் நிலைமை இன்னும் மோசம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் `mk;kh` என்றுதான் அச்சாகும். கோப்புக்குள் உண்மையில் இருப்பதே அந்த ஆங்கில எழுத்துகள்தான்; பாமினி அவற்றுக்குத் தமிழ் உருவம் தந்துகொண்டிருந்தது, அவ்வளவே.

ஆகவே எல்லாவற்றையும் மாற்றும் முன், எழுத்து நெருக்கமாக உள்ள ஒரு கோப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். `pdffonts padam1.pdf` என்று கேட்டால் எந்தெந்த எழுத்துரு உள்ளே போயிருக்கிறது என்று பட்டியல் வரும். அதில் லதாவைக் காணோம் என்றால், அந்த எழுத்துரு உள்ள கணினியிலேயே மாற்றுவது மேல்.

அனிமேஷன் எதுவும் பிடிஎஃப்பில் நகராது. முதலில் கேள்வி, சொடுக்கியதும் விடை என்று அமைத்த பக்கத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் தெரியும். வினாடி வினாப் பாடங்களை மட்டும் விடையைத் தனிப் பக்கத்துக்குத் தள்ளிய பிறகு மாற்றுங்கள்.