செவ்வாய் இரவு யார் சமையல்?

பல வீடுகளில் எல்லோரும் கூடமாட உதவத்தான் செய்கிறார்கள். ஒருவர் காய் நறுக்குகிறார், இன்னொருவர் தட்டு எடுத்து வைக்கிறார். ஆனாலும் அம்மாவால் அடுப்படியை விட்டு நகர முடிவதில்லை. இன்றைக்கு என்ன செய்வது, உளுந்து இருக்கிறதா, மாவு எப்போது அரைப்பது என்ற யோசனையெல்லாம் அவர் தலையில்தான். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம்.

எனவே ஒரு வேளைச் சாப்பாட்டை முழுதாக ஒருவரிடம் விட்டுவிட வேண்டும். சாமான் இருக்கிறதா என்று முதல் நாளே பார்ப்பதில் தொடங்கி, மீந்ததை எடுத்துவைத்து மேடையைத் துடைப்பது வரை அவர் பொறுப்பு.

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற, பாட்டியும் பிளஸ் ஒன் படிக்கும் மகளும் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இங்கே வாரத்தைத் தாங்குவது மாவுதான். சனிக்கிழமை மதியம் நான்கு டம்ளர் இட்லி அரிசி, தனியாக ஒரு டம்ளர் உளுந்தும் ஒரு ஸ்பூன் வெந்தயமும் ஊறப்போட்டு, மாலையில் அப்பா அரைக்கிறார். ஞாயிறு காலை இட்லி. மிச்ச மாவு ஃபிரிட்ஜுக்குள் போகிறது. திங்கள் இரவு மகள் இட்லி ஊற்றிப் பொடி எடுத்து வைக்கிறாள். செவ்வாய் அப்பா தோசை. புதனுக்குள் மாவு புளித்திருக்கும். வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு அம்மா ஊத்தப்பம் ஊற்றினால் அந்தப் புளிப்பே ருசி. வியாழன் அப்பா சாதமும் ரசமும், வெள்ளி மகள் ரவா உப்புமா. காலை டிபன் பாக்ஸ்தான் கஷ்டமான இடம். அதற்கான காயை, அன்றிரவு சமைக்காதவர் நறுக்கி வைத்துவிட வேண்டும். கீரை வாடிவிடும் என்பதால் திங்களன்றே தீர்த்துவிட்டு, கேரட், பீட்ரூட்டைக் கடைசி நாட்களுக்கு வைக்கலாம்.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் குலைவது, "பெருங்காயம் எங்கே? புளி எவ்வளவு?" என்ற கேள்விகளால். பதில் சொல்லச் சொல்ல, அம்மா திரும்பவும் அடுப்படிக்குள் வந்துவிடுகிறார். டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டுங்கள். நாலு பேருக்கு ரசம் என்றால் சின்ன எலுமிச்சை அளவு புளி, இரண்டு தக்காளி, ஒன்றரை ஸ்பூன் மிளகு சீரகப் பொடி என்று அளவோடு எழுதி அலமாரிக் கதவுக்குள் ஒட்டுங்கள். தோசை கல்லில் ஒட்டிக்கொண்டாலும் கரண்டியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த வாரமும் அது உங்கள் வேலைதான்.

யாராவது ஆபீஸிலிருந்து வரத் தாமதமானால் சாதம் மட்டும் வைத்தால் போதும், புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். மகளுக்குப் பரீட்சை வரும் வாரங்களில் அவள் முறையை மற்ற இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம். அதை வெள்ளிக்கிழமையே பேசி முடித்தால், சனிக்கிழமை காய் வாங்கப் போகும்போது பட்டியல் கையில் இருக்கும்.