ஏற்காட்டில் வீடு, நிலுவையில் வாடகை: முதல் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

அடிவாரத்தில் ஒரு சட்டம், மலைமேல் வேறொரு சட்டம். சேலம் மாநகராட்சிக்குள் ஒரு வீட்டையும் ஏற்காட்டில் ஒரு வீட்டையும் வாடகைக்கு விட்டிருப்பவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. வாடகை நின்றுபோனதும் சேலத்தில் எழுதிய நோட்டீஸையே தேதியை மட்டும் மாற்றி மலைக்கும் அனுப்புகிறார்கள். ஒரு வருடம் கழித்து வழக்கு என்று வரும்போதுதான் அந்தத் தாள் எதற்கும் உதவாமல் போயிருப்பது தெரியவருகிறது.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் இது. வாடகை இரண்டு மாதம் நிலுவையானால் கேட்பு நோட்டீஸ் கொடுக்கலாம். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கி முழுவதும் வராவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இந்தச் சட்டம் நகர்ப்புறத்துக்கானது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகியவையும், அரசு தனியாக அறிவிக்கும் பகுதிகளும்தான் அதன் எல்லை. ஏற்காடு பெயர்பெற்ற சுற்றுலாத் தலமாக இருந்தாலும் ஊராட்சி ஒன்றியம்தான். அதற்குள் இருப்பவை கிராம ஊராட்சிகள். சேர்வராயன் கோயிலுக்குப் போகும் சாலையோரம் இருக்கும் வீட்டுக்கும் கடைக்கும், அரசு அறிவிக்கை எதுவும் இல்லாதவரை, பொருந்துவது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம்தான். உங்கள் ஊராட்சிக்கு அப்படி ஏதாவது அறிவிக்கை உண்டா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

பழைய வாடகைச் சட்டத்தின் கீழ், குடியிருப்பை முடிக்கும் நோட்டீஸ் தேவையா என்பதைத் தெளிவாக்கியதே ஒரு தமிழ்நாட்டு வழக்குதான். தனபால் செட்டியாருக்கும் யசோதை அம்மாளுக்கும் இடையிலான அந்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் 1979இல் தீர்ப்பளித்தார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் செல்லும் இடத்தில், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106ஆவது பிரிவின்படி குத்தகையை முடிக்கும் நோட்டீஸ் தேவையில்லை என்றார்கள். சிலர் இந்தத் தீர்ப்பைச் சொல்லி ‘நோட்டீஸே வேண்டாம்’ என்கிறார்கள். அந்தச் சலுகை வாடகைச் சட்டம் செல்லும் இடத்துக்கு மட்டுமே உரியது. ஏற்காட்டுக் கிராம ஊராட்சியில் வீட்டைக் காலிசெய்யக் கேட்டு வழக்குப் போட வேண்டுமானால், மாத வாடகைக் குடியிருப்பை முடிக்கும் 15 நாள் நோட்டீஸ் முதலில் போயிருக்க வேண்டும்.

அதற்காக முதல் கடிதத்திலேயே குடியிருப்பை முடித்துவிடச் சொல்லவில்லை. பாக்கியைக் கேட்பது ஒரு கடிதம், குடியிருப்பை முடிப்பது இன்னொரு கடிதம். இரண்டையும் ஒரே தாளில் கலந்து ‘பணம் கட்டினால் இருக்கலாம், கட்டாவிட்டால் முடிந்தது’ என்று எழுதினால், குடியிருப்பு உண்மையில் முடிந்ததா இல்லையா என்ற சந்தேகத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதாகக் கிளப்பிவிடுவார். அதனால் முதல் கடிதம் கணக்கும் கெடுவும் சொல்லும் மரியாதையான கடிதமாக மட்டும் இருக்கட்டும். பெரும்பாலான பாக்கிகள் அதிலேயே தீர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். வீட்டு வாடகை 8,000 ரூபாய். ஒவ்வொரு மாத வாடகையையும் அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்பது பேச்சு. கையில் வாங்கிய அட்வான்ஸ் 40,000 ரூபாய். 11 மாத ஒப்பந்தம் முடிந்தும் புதுப்பிக்காமல் குடியிருப்பு தொடர்கிறது. அதனால் அது மாதாமாதக் குடியிருப்பு ஆகிவிட்டது. குடியிருப்பவர் சாலையோரம் மிளகும் காபித்தூளும் விற்பவர். 2025 நவம்பரிலிருந்து வாடகை வரவில்லை. டிசம்பரில் மட்டும் 3,000 ரூபாய் கொடுத்தார். மின் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருப்பதால் கரண்ட் பில் 1,460 ரூபாயையும் அவரே கட்டியிருக்கிறார். கடிதம் இப்படிப் போகலாம்:

அனுப்புநர்: (உரிமையாளர் பெயர், முகவரி)
பெறுநர்: (வாடகைதாரர் பெயர், வாடகை வீட்டின் கதவு எண், தெரு, ஊர்)
நாள்: 07.04.2026

அன்புள்ள ஐயா, வணக்கம்.

மேற்கண்ட முகவரியில் உள்ள என் வீட்டில் மாதம் 8,000 ரூபாய் வாடகைக்குத் தாங்கள் குடியிருந்து வருகிறீர்கள். 2025 நவம்பர் முதல் 2026 மார்ச் வரை ஐந்து மாத வாடகை 40,000 ரூபாய். டிசம்பரில் தாங்கள் தந்த 3,000 ரூபாயைக் கழித்தால் 37,000 ரூபாய். தங்கள் சார்பில் நான் செலுத்திய மின்கட்டணம் 1,460 ரூபாய் (ரசீது நகல் இணைப்பில்). ஆக மொத்த நிலுவை 38,460 ரூபாய்.

இத்தொகையை 07.05.2026ஆம் தேதிக்குள் தந்து ரசீது பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். முழுத்தொகையும் ஒரே தவணையில் தர இயலாவிட்டால், அதே தேதிக்குள் 19,000 ரூபாயும், மீதி 19,460 ரூபாயை 07.06.2026ஆம் தேதிக்குள்ளும் தரலாம். அப்படியானால் அதைத் தங்கள் கையொப்பத்துடன் எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன். ஏப்ரல் முதல் உள்ள வாடகை வழக்கம்போல் தனியே தர வேண்டியது.

என்னிடம் உள்ள அட்வான்ஸ் 40,000 ரூபாய், வீட்டைக் காலிசெய்யும்போது கணக்குப் பார்த்துத் திருப்பித் தர வேண்டிய தொகை. நடப்பு வாடகைக்கு அதை ஈடாகக் கொள்ள இயலாது.

கணக்கில் பிழை இருந்தால் ரசீதுடன் தெரிவியுங்கள், திருத்திக்கொள்கிறேன். குறித்த தேதிக்குள் தொகையோ பதிலோ வராவிட்டால், குடியிருப்பை முடிவுக்குக் கொண்டுவரும் நோட்டீஸை வழக்கறிஞர் மூலம் அனுப்பி, அதன்பின் நிலுவைக்கும் வீட்டுக்கும் நீதிமன்றத்தை அணுக வேண்டிவரும். அந்த நிலை வராமல் பேசித் தீர்த்துக்கொள்ளவே விரும்புகிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

அட்வான்ஸ் பற்றிய பத்தியை விட்டுவிடாதீர்கள். வாடகை நின்ற வீடுகளில் அடிக்கடி கேட்கும் பதில், ‘அட்வான்ஸில் கழிச்சுக்குங்க, அண்ணே’ என்பது. உரிமையாளர் சும்மா இருந்தால் அதையே ஒப்புக்கொண்டதாக நாளை வாதாடுவார்கள். சட்டத்துக்கு அப்பால் ஒரு காரணமும் இருக்கிறது. அட்வான்ஸ் கரைந்துபோன வீட்டில் உடைந்த ஜன்னலுக்கும் கடைசி மாதக் கரண்ட் பில்லுக்கும் பிடித்துக்கொள்ள உரிமையாளர் கையில் எதுவும் மிஞ்சாது.

மே 7 என்ற கெடுவுக்கும் காரணம் உண்டு. மலையில் சில்லறை வியாபாரம் செய்பவருக்கு மழைக்காலமும் பனிக்காலமும் கைச்செலவுக்கே இழுபறி. சீசன் ஏப்ரலில் தொடங்கும். மே மாதத்தில் கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் வரும்; பணம் புழங்குவது அப்போதுதான். பிப்ரவரியில் ஒரு வாரக் கெடு கொடுத்தால் அவர் வட்டிக்கு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒளிய வேண்டும். சீசனுக்குள் விழும்படி ஒரு மாதக் கெடுவும் அதையடுத்து ஒரு தவணையும் கொடுத்தால் பணம் வர வழி இருக்கிறது. இதை நான் இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை; பாக்கி வசூலாவதற்கும் இதுவே நல்ல வழி.

கடிதம் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று வேண்டும். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதனால் ஸ்பீட் போஸ்ட்டில் பதிவுடனும் சேர்ப்பிப்புச் சான்றுடனும் அனுப்பச் சொல்லுங்கள். சரியான முகவரிக்கு அனுப்பிய தபாலை ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் எழுதித் திருப்பினால், அது சேர்ந்ததாகவே பொதுவாக நீதிமன்றம் கொள்ளும். மலையில் வேறொரு சிக்கல் உண்டு. காபி பறிப்புக் காலத்தில் வீட்டில் எல்லாரும் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள். ‘கதவு பூட்டி இருந்தது’ என்ற குறிப்போடு தபால் திரும்பிவிடும். அந்த உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு, இன்னொரு பிரதியை நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். அவர் இல்லையென்றால் வீட்டிலுள்ள குடும்பத்தாரிடம் கொடுக்கலாம். அதுவும் முடியாதபோது வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். 106ஆவது பிரிவு குடியிருப்பை முடிக்கும் நோட்டீஸுக்கு ஏற்கும் வழிகளும் இவையே என்பதால், முதல் கடிதத்துக்கும் இவற்றையே பின்பற்றுவது நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்புவது கூடுதலாக இருக்கட்டும், அதையே நம்பியிருக்க வேண்டாம்.

கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் கோபத்தில் பூட்டுப் போடுவதும், கரண்ட்டைப் பிடுங்குவதும், சாமானை வெளியே எடுத்து வைப்பதும் கூடவே கூடாது. வழக்கு இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்ற கேள்வியையே எடுக்காமல் நீதிமன்றம் அவரைத் திரும்பக் குடியேற்ற முடியும். குறித்த நிவாரணச் சட்டத்தின் 6ஆவது பிரிவு அதற்கு வழி செய்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்த வழக்கை ஒரே ஒரு பூட்டு எதிர்ப்பக்கம் திருப்பிவிடும்.

அடுத்து வழக்கறிஞர் எழுதும் 15 நாள் நோட்டீஸ். அதில் குடியிருப்பு எந்தத் தேதியோடு முடிகிறது என்று தயக்கமில்லாமல் சொல்லியிருக்க வேண்டும். பழைய முறைப்படி வாடகை மாதம் முடியும் நாளோடு அந்தத் தேதி பொருந்தியே ஆக வேண்டியிருந்தது. ஒரு நாள் தவறினாலும் நோட்டீஸ் செல்லாமல் போனது. 2002 டிசம்பர் 31 முதல் அமலான திருத்தம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் கணக்கு ஓடும். அந்த நாள் கடந்தபின் வரும் பணத்தை வாடகை என்று எழுதி ரசீது கொடுத்தால், நோட்டீஸையே கைவிட்டதாக ஆகலாம். பழைய பாக்கிக்கு என்றோ, குடியிருப்பு முடிந்தபின் வீட்டை அனுபவித்ததற்கான ஈடு என்றோ ரசீதில் எழுத வேண்டும்.

வீடு தனியாருடையதாக இல்லாமல் கோயிலுக்குச் சொந்தமானதாக இருந்தால் வழியே வேறு. அங்கே 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். இந்த மாதிரிக் கடிதம் அதற்குப் பொருந்தாது.

கடைசியாக ஒரு தேதிக் கணக்கு. வாடகைப் பாக்கிக்கு வழக்குப் போடக் காலவரம்பு, அந்தந்த மாத வாடகை தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டு. நம் மாதிரியில் 2025 நவம்பர் வாடகை தர வேண்டிய நாள் 2025 டிசம்பர் 5. அதைக் கேட்டு 2028 டிசம்பர் 5க்குள் நீதிமன்றம் போயாக வேண்டும். நீங்கள் எத்தனை கடிதம் அனுப்பினாலும் இந்தக் கெடு நீளாது. ஆனால் காலம் முடியுமுன் குடியிருப்பவர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுத் தந்தால் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். அதனால்தான் கடிதத்தில் தவணை கேட்பவரைக் கையொப்பத்துடன் எழுதச் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள்.