சுருட்டை முடியும் சின்ன முகமும்: கத்தரி எங்கே தொடங்க வேண்டும்?

நெருக்கமான சுருட்டை முடி உள்ள பெண் ஒருவர் பார்லருக்குப் போய், "கழுத்தளவுக்கு வெட்டிடுங்க" என்று சொன்னால் பெரும்பாலும் என்ன நடக்கும்? தலையை நனைத்து, முடியைச் சீப்பால் நேராக இழுத்து வாரி, கழுத்தருகே ஒரே கோடாக வெட்டுவார்கள். ஈரத்தில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். காயக் காய முடி மேலே ஏறும். உச்சி தட்டையாகப் படிந்து, காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் விரிந்து, கோபுரம் போல அடி அகன்று நிற்கும். பெரிய முகமாக இருந்தால் அதை எப்படியோ தாங்கிக்கொள்ளும். முகம் சின்னதாக இருந்தால் கண்ணும் மூக்கும் தாடையும் அந்த அகலத்துக்குள் ஒடுங்கிப்போகும். 'எனக்குக் குட்டை முடி சரிப்பட்டு வராது' என்று பல பெண்கள் தீர்மானிப்பது இந்த ஒரு வெட்டுக்குப் பிறகுதான். அந்தத் தீர்மானம் தவறானது. சின்ன முகத்துக்கும் சுருட்டை முடிக்கும் குட்டை வெட்டு மிக அழகாகப் பொருந்தும். அகலம் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வெட்டத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஈரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டதும் தளர்ந்துவிடும், காய்ந்ததும் மறுபடி இறுகும். அதனால்தான் நனைந்த சுருள் நீண்டு தொங்குகிறது, காய்ந்ததும் சுருண்டு ஏறுகிறது. நெருக்கமான சுருட்டை முடி, இழுத்துப் பிடித்தால் இருக்கும் நீளத்தில் பாதிக்கும் கீழே சுருங்கிவிடக்கூடும். அதிலும் தலை முழுக்க ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆகவே நனைத்து வெட்டுகிறவர், காய்ந்த பிறகு முடி எங்கே வந்து நிற்கும் என்பதை ஊகித்துத்தான் வெட்ட வேண்டியிருக்கிறது. முடியை அது காய்ந்து கிடக்கும் நிலையிலேயே, ஒவ்வொரு சுருளாக எடுத்து வெட்டும் முறையை உலகறியச் செய்தவர்களில் நியூயார்க்கின் லொரெய்ன் மாஸி முக்கியமானவர். 2001-இல் வந்த அவருடைய 'கர்லி கேர்ள்' புத்தகத்துக்குப் பிறகு அது பல நாடுகளுக்கும் பரவியது. நம் ஊர்ப் பெரிய நகரங்களிலும் இப்போது இப்படி வெட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்படி ஒருவர் வெட்டுவதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். வந்திருந்தவர் ஓர் ஆசிரியை. குறுகிய நெற்றி, கூரான தாடை, தோளைத் தொடும் அடர்த்தியான சுருள். முந்தின நாளே தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், ரப்பர் பேண்டு போடாமல் காயவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். கட்டி வைத்த முடியில் மடிப்பு விழுந்திருக்கும், எண்ணெய் வைத்த முடி பாரத்தில் படிந்திருக்கும். இரண்டுமே சுருளின் உண்மையான உயரத்தை மறைத்துவிடும்.

வெட்டுகிறவர் உடனே கத்தரியை எடுக்கவில்லை. பிடரியில் ஒரு சுருளை இழுத்து விட்டார். ஐந்து அங்குலம் நீண்டது, விட்டதும் இரண்டு அங்குலத்தில் போய் நின்றது. உச்சியில் இன்னொன்றை இழுத்தார். அது ஆறு அங்குலம் நீண்டு, நாலில் நின்றது. ஒரே தலையில் இவ்வளவு வித்தியாசம்! இழுத்துப் பிடித்து இரண்டையும் ஒரே நீளத்தில் வெட்டினால் பிடரி எங்கோ ஏறிப்போகும், உச்சி தொங்கும்.

அவர் பிடரியில் தொடங்கினார். கழுத்து ஓரத்தில் அரை அங்குலம் மட்டும் விட்டு, பின்மண்டை எலும்பை நோக்கிப் போகப்போக நீளத்தைக் கூட்டினார். கழுத்து வெளியே தெரிந்ததும் முகம் கொஞ்சம் நீண்டது போல ஆகிவிட்டது. சின்ன முகத்துக்கு இந்த வெட்டு தரும் பெரிய லாபம் இதுதான் என்று நினைக்கிறேன். பக்கவாட்டில் முடியின் அகலம் கண்ணுக்கும் கன்ன எலும்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும், காதுக்குக் கீழே ஒடுங்கிவிட வேண்டும் என்றார். அந்த அகலமும் கன்னத்திலிருந்து இரண்டு விரலுக்கு மேல் தள்ளி நிற்கக் கூடாது என்பது அவர் கணக்கு. காதுக்கு முன்னால் ஓரிரு சுருளை மட்டும் கன்ன எலும்பு வரை விட்டார். உச்சியில் காய்ந்த நிலையில் மூன்று அங்குலம் வைத்து, துருத்திக்கொண்டு நின்ற சுருள்களை மட்டும் எடுத்தார். எந்தச் சுருளையும் இழுக்கவில்லை. அது கிடக்கும் இடத்திலேயே பிடித்து, வளைவு திரும்பும் இடத்தில் வெட்டினார். வளைவின் நடுவே வெட்டினால் நுனி ஒன்றோடொன்று சேராமல் பிரிந்து பறக்குமாம்.

முன்நெற்றிக்கு வந்தபோது ஆசிரியை கேட்டார்: "அக்கா, நெத்தி முழுசா மறையுற மாதிரி முன்னாடி விட்டுடலாமா?"

"வேண்டாம்மா. உன் முகத்துல இருக்கிற இடமே கொஞ்சம். மேலயும் மூடி, ரெண்டு பக்கமும் மூடிட்டா அப்புறம் என்ன தெரியும்? ஒரு பக்கம் மட்டும் விழட்டும்."

மூன்று சுருள் புருவத்துக்கு மேலே சாய்வாக விழுந்தது, மறுபக்க நெற்றி திறந்தே இருந்தது. பிறகு முடியை அலசிக் காயவைத்து, இடம் மாறி நின்ற நாலைந்து சுருள்களை மறுபடி திருத்தினார். இந்தக் கடைசித் திருத்தம் இல்லாமல் எழுந்து வந்துவிடாதீர்கள்.

"முடி ரொம்ப அடர்த்தி, உள்ளே கொஞ்சம் குறைச்சிடறேன்" என்று சொல்லி, பல் வைத்த கத்தரியை யாராவது எடுத்தால் உடனே தடுத்துவிடுங்கள். அது சுருளைப் பிரித்து, உள்ளே ஆங்காங்கே குட்டை முடிகளை உண்டாக்கிவிடும். முதல் சில நாள் இலேசாகத் தோன்றும். சில வாரத்தில் அந்தக் குட்டை முடிகள் சுருண்டு, மேலே உள்ள நீள முடியை வெளியே தள்ளும். குறைக்கப் போன இடம் முன்னைவிட அகலமாகிவிடும். பிளேடால் சீவுவதும் நுனியைப் பிசிறாக்கும். அடர்த்தி குறைய வேண்டுமானால், அடியில் இருக்கும் சுருள்களில் சிலவற்றை முழுச் சுருளாகவே கொஞ்சம் குட்டையாக்குவதுதான் வழி.

முன்பு ஸ்ட்ரெயிட்டனிங் செய்த முடிக்கு இந்த வெட்டு உடனே வராது. வேரில் சுருளும் நுனியில் நேர்முடியும் இருக்கும்போது எந்த இடத்தில் வளைகிறது என்று பார்க்கவே முடியாது. உச்சியில் புதுச் சுருள் இழுத்தால் நாலைந்து அங்குலம் வரும்வரை காத்திருந்து, நேர்முடியை முழுக்க எடுத்துவிட வேண்டும்.

சென்னை போன்ற கடலோர ஊர்க்காரர்கள் அகலத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தே கேட்கலாம். புழுக்கத்தில் முடி உப்பும். விசேஷத்துக்குக் கொண்டை போடவோ பின்னால் பூச்சரம் தொங்கவிடவோ பிடரியில் முடி இருக்காது. காதோரம் ஊசியில் குத்தி வைக்கும் அளவுக்குத்தான் இடம் உண்டு. வெட்டுவதற்கு முன்பே இதை யோசித்துக்கொள்வது நல்லது.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். நெருக்கமான சுருள், கீழே இறங்குவதற்கு முன் பக்கவாட்டில்தான் வளரும். அதனால் இந்த வெட்டு முதலில் கெடுவது பிடரியிலும் காதுக்குப் பின்னாலும். ஆறு, ஏழு வாரத்துக்கு ஒருமுறை அந்த இரண்டு இடத்தை மட்டும் சரிசெய்துகொண்டால் போதும், உச்சிக்கு மூன்று மாதம் ஆகலாம். பிறகு மனம் மாறி முடியை வளர்க்க நினைத்தாலும் பிடரியை மட்டும் விடாமல் வெட்டிக்கொண்டே, மேல்முடியை இறங்க விடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக வளரவிட்டால் பழைய கோபுரம்தான் திரும்பி வரும்.